இணையத்துக்கு ஒரு கோப்பு, அச்சுக்கு வேறொரு கோப்பு

*கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்துகிறோம். இணையதளம் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சிலும் வருகிறது. இதுவரை ரெகுலர் (38 கேபி), போல்ட் (40 கேபி) என்று இரண்டு ஸ்டாட்டிக் கோப்புகளைத் தளத்தில் வைத்திருந்தோம். அதே எழுத்துருவின் வேரியபிள் கோப்பு 104 கேபி. தடிமன், அகலம் இரண்டையும் மாற்றலாம் என்பதால் அதற்கு மாறினேன். பழைய சிஎஸ்எஸ்ஸில் ரெகுலருக்கான வரியில் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி, போல்டுக்கான வரியை எடுத்துவிட்டேன். இப்போது போல்ட் எழுத்து அப்பியதுபோல் தெரிகிறது. அதே வேரியபிள் எழுத்துருவில் அட்டைத் தலைப்புக்கு வெளிக்கோடு கொடுத்தால் எழுத்தின் உள்ளேயும் கோடுகள் வருகின்றன. முகப்புப் பக்கத்தில் 300, 400, 600, 700 என நான்கு தடிமன் வேண்டும். கட்டுரைப் பக்கங்களில் 400, 700 மட்டும் போதும். அகலத்தை எங்கும் மாற்றுவதில்லை. வேரியபிளிலேயே தொடரலாமா, பழையதற்கே திரும்பிவிடலாமா?*

அன்புள்ள நண்பருக்கு,

தளத்துக்கு வேரியபிள் கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெட்டிச் சிறிதாக்கி. அச்சுக்கு அதே கோப்பிலிருந்து ஸ்டாட்டிக் கோப்புகளை எடுத்து அவற்றை மட்டும் கொடுங்கள். உங்களுக்கு வந்த இரண்டு தொல்லைகளும் எழுத்துருவின் குறையால் வந்தவை அல்ல. வேரியபிள் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டுக்கும் காரணம் பிடிபடும்.

ஸ்டாட்டிக் கோப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழு வரைவு இருக்கும், அவ்வளவுதான். வேரியபிள் கோப்பிலும் முழு வரைவு ஒன்றுதான். அதை இயல்புநிலை என்போம். மற்ற தடிமன்கள் தனி வரைவுகளாக இருப்பதில்லை. 'தடிமன் கூடும்போது இந்தப் புள்ளி இவ்வளவு வலப்பக்கம் நகர வேண்டும், அந்தப் புள்ளி இவ்வளவு கீழே இறங்க வேண்டும்' என்ற நகர்வுக் குறிப்புகளாகவே இருக்கின்றன. உலாவி 600 கேட்டால், இயல்புநிலை வரைவின் புள்ளிகளை அந்தக் குறிப்புகளின்படி நகர்த்தி அப்போதே எழுத்தை உருவாக்கிக்கொள்கிறது. அதனால்தான் ஒன்பது தடிமன்களும் அவற்றின் இடைப்பட்டவையும் ஒரே கோப்பில் அடங்கிவிடுகின்றன. இரண்டே தடிமன் போதும் என்பவருக்கு அந்தக் கோப்பு பெரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

முதலில் அப்பிய போல்ட். உங்கள் பழைய வரியில் `font-weight: 400` என்று இருந்திருக்கும். கோப்பின் பெயரை மாற்றியபோது அது அப்படியே நின்றுவிட்டது. உலாவி அந்த வரியை நம்புகிறது. கோப்பைத் திறந்து உள்ளே வேறு தடிமன்கள் இருக்கின்றனவா என்று தேடாது. 'இந்தக் குடும்பத்தில் 400 மட்டும்தான் உண்டு' என்று எடுத்துக்கொண்டு, 700 கேட்கப்படும் இடத்தில் ரெகுலர் எழுத்தின் ஓரங்களைத் தானே தடிக்கவைக்கிறது. தமிழில் இது உடனே கண்ணில் படும். உண்மையான போல்டில் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் திறந்தே இருக்கும்படி வரைந்திருப்பார்கள், அதற்காக எழுத்தும் கொஞ்சம் அகன்றிருக்கும். உலாவி செய்யும் பொய்ப் போல்டில் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை செய்யலாம். `body`-க்கு `font-synthesis: none` என்று கொடுத்துப் பாருங்கள். போல்ட் முழுக்க மறைந்து எல்லாம் ரெகுலராகத் தெரிந்தால், இதுவரை பார்த்தது பொய்ப் போல்ட் என்பது உறுதி. தீர்வு ஒரே வரியில் இருக்கிறது. ஒற்றை எண்ணுக்குப் பதிலாக வீச்சைச் சொல்ல வேண்டும்:

```css
@font-face {
  font-family: "MyFont";
  src: url("/fonts/MyFont-Web.woff2") format("woff2");
  font-weight: 400 700;
  font-display: swap;
}
```

இங்கே 400 முதல் 700 வரை மட்டும் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பல எடுத்துக்காட்டுகள் தடிமனை மாற்ற `font-variation-settings` என்ற பண்பைக் கையாளச் சொல்கின்றன. தடிமனுக்கு அது வேண்டாம், `font-weight` போதும். `body`-க்கு `font-variation-settings: "wght" 420` என்று கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் `strong` அதையும் சேர்த்துச் சுவீகரித்துக்கொள்ளும். அதன் 700-ஐ இந்த 420 மிஞ்சிவிடும். போல்ட் எங்கே போயிற்று என்று ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

சரி, அளவுக் கணக்குக்கு வருவோம். நீங்கள் தளம் முழுவதற்குமாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கம் பக்கமாகப் போட வேண்டும். `@font-face`-இல் பத்து ஸ்டாட்டிக் கோப்புகளை அறிவித்திருந்தாலும், ஒரு பக்கத்தில் எந்தத் தடிமன் உண்மையில் வருகிறதோ அதன் கோப்பை மட்டுமே உலாவி இறக்கும். கட்டுரைப் பக்கத்துக்கு ஸ்டாட்டிக் என்றால் 38, 40 சேர்த்து 78 கேபி. வேரியபிள் 104. அங்கே ஸ்டாட்டிக்தான் இலேசானது. முகப்புப் பக்கத்தில் நான்கு தடிமன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 39 என்று வைத்தால் 156 கேபி. அங்கே வேரியபிள் வெல்கிறது. உங்கள் எழுத்துருவில் இரண்டு தடிமனுக்கும் மூன்று தடிமனுக்கும் இடையில் தராசு சாய்கிறது. மூன்று ஸ்டாட்டிக் கோப்புகளே 117 ஆகிவிடும்.

யார் எங்கே வந்து இறங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முகப்பு வழியாக வருபவருக்கு வேரியபிள் கோப்பு ஒருமுறை இறங்கினால் போதும், அடுத்த பக்கங்களுக்கு உலாவியின் தேக்கத்திலிருந்து வந்துவிடும். யாரோ பகிர்ந்த இணைப்பைத் தொட்டு நேராகக் கட்டுரைக்கு வருபவருக்குத்தான் அந்த 26 கேபி கூடுதல் சுமை. சிற்றிதழ் தளங்களுக்கு வருபவர்களில் இந்த இரண்டாம் வகையினரே பெரும்பாலும் அதிகம். அவர்களுக்காகத்தான் கோப்பை வெட்டச் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். `fonttools` என்ற பைத்தான் கருவித்தொகுப்பை நிறுவினால் இந்த வேலை முழுவதற்கும் அது போதும்:

```
pip install fonttools brotli skia-pathops
ttx -t fvar -o - MyFont-VF.ttf
```

ஒவ்வொரு ஆக்ஸிஸுக்கும், அதாவது மாற்றக்கூடிய ஒவ்வொரு பண்புக்கும், சிறும மதிப்பு, இயல்புநிலை மதிப்பு, பெரும மதிப்பு என்று மூன்று எண்கள் வரும். `wght` என்பது தடிமன், `wdth` என்பது அகலம். அகலத்தை நீங்கள் தொடுவதே இல்லை. அதனால் `wdth=100` என்று அதை நிறுத்திவிடலாம். அகலத்துக்கான நகர்வுக் குறிப்புகள் மட்டும் இதில் கழியும் என்று நினைக்காதீர்கள். 'தடிமனும் கூடி அகலமும் குறையும்போது' என்ற மூலைகளுக்கென்று தனிக் குறிப்புகள் இருக்கும், அவையும் சேர்ந்தே போகும். உங்கள் கோப்பில் பெரிய குறைப்பு இதிலிருந்துதான் கிடைக்கும்.

அடுத்தது தடிமனின் வீச்சு. பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். 100 முதல் 900 வரை இருந்ததை 300 முதல் 700 வரை என்று பாதியாக்கினால் கோப்பும் பாதியாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஆவதில்லை. இயல்புநிலை 400 என்றால், மெல்லிய பக்கத்துக்கு ஒரு தொகுதிக் குறிப்புகள், தடித்த பக்கத்துக்கு ஒரு தொகுதி என்று இருக்கும். 300 முதல் 700 என்று வெட்டினால் இரண்டு தொகுதிகளும் தேவைப்படுகின்றன. நகர்வின் தூரம் குறையுமே தவிர, குறிப்புகளின் எண்ணிக்கை குறையாது. 400 முதல் 700 என்று வெட்டினால்தான் மெல்லிய பக்கத் தொகுதி முழுவதும் கழிகிறது. சில எழுத்துருக்களில் இயல்புநிலையே 100 ஆக இருக்கும், மறுமுனையில் 900 மட்டும் இருக்கும். அவற்றில் இருப்பதே ஒரு தொகுதி என்பதால் வீச்சை எப்படி வெட்டினாலும் பெரிய லாபம் கிடைக்காது.

ஆகவே முகப்பில் அந்த 300 தடிமனை விட்டுவிடச் சொல்கிறேன். ஒரு முன்னுரைப் பத்தி கொஞ்சம் மெலிந்து தெரிவதற்காக ஒவ்வொரு வாசகரும் ஒரு முழுத் தொகுதியைச் சுமக்க வேண்டாம். அந்தப் பத்தியை 400-இலேயே வைத்து, அளவைப் பெரிதாக்கியோ நிறத்தைச் சற்று வெளிறச் செய்தோ வேறுபடுத்தலாம். உங்கள் கோப்பின் இயல்புநிலை 400 என்றால் கட்டளைகள் இப்படி இருக்கும்:

```
fonttools varLib.instancer MyFont-VF.ttf wdth=100 wght=400:700 -o MyFont-Web.ttf

pyftsubset MyFont-Web.ttf --unicodes="U+0020-007E,U+00A0,U+0B80-0BFF,U+200C-200D,U+2010-2026,U+20B9,U+25CC" --layout-features="*" --flavor=woff2 --output-file=MyFont-Web.woff2
```

இரண்டாவது கட்டளை தேவையற்ற எழுத்துகளை நீக்கி, சுருக்கிய வடிவில் தருகிறது. அதில் `--layout-features="*"` என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கருவி தன் வழக்கமான பட்டியலில் உள்ள வசதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். வெட்டி முடித்ததும் கு, டூ, ணை, ஸ்ரீ, க்ஷ எல்லாம் வரும் ஒரு பத்தியை உலாவியில் போட்டுப் பாருங்கள். எங்காவது உயிர்மெய்க் குறி தனியே பிரிந்து நின்றால், வெட்டியதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

வந்த கோப்பின் அளவை 78-உடன் ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே வந்துவிட்டால் பேச்சே இல்லை, தளம் முழுவதற்கும் அதுதான். 85, 90 என்று வந்தாலும் நான் வேரியபிளைத்தான் எடுப்பேன். ஸ்டாட்டிக்கில் ரெகுலர் முதலில் வந்து, போல்ட் பிந்தி வரும்போது பக்கம் இரண்டுமுறை குலுங்கும். ஒரே கோப்பு என்றால் ஒருமுறைதான். இன்னொரு லாபமும் உண்டு. இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து சற்றுத் தடித்ததுபோலத் தோன்றும். அதற்கென்று தனிக் கோப்பில்லாமல் தடிமனைச் சிறிது இறக்கிவிடலாம். அதற்கு மட்டும் வீச்சின் கீழ் எல்லை 400-க்கும் குறைவாக இருக்க வேண்டும். இருண்ட பின்னணி வைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், மெல்லிய பக்கத் தொகுதியைச் சுமப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்போது 300-ஐயும் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய பிறகும் கோப்பு 100 கேபிக்குப் பக்கத்திலேயே நின்றால், முகப்பை 400, 700 இரண்டிலேயே வடிவமைத்துப் பழைய ஸ்டாட்டிக் கோப்புகளுக்குத் திரும்பிவிடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இனி அட்டை. வேரியபிள் எழுத்துருவை வரைபவர் 'க' போன்ற எழுத்தில் நெடுக்குக் கோட்டையும் குறுக்குக் கோட்டையும் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டுவைப்பார். தடிமன் மாறும்போது ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் நகர வேண்டுமே. இரண்டையும் ஒட்டி ஒரே உருவமாக்கினால், ஒட்டிய இடத்துப் புள்ளிகள் ஒவ்வொரு தடிமனிலும் வேறு வேறு இடத்தில் விழும், நகர்வுக் குறிப்பு எழுத முடியாமல் போகும். கருப்பாக நிரப்பும்போது இந்த ஏற்றம் தெரியாது. வெளிக்கோடு கொடுத்தால் ஒவ்வொரு துண்டையும் சுற்றிக் கோடு ஓடும், அதுதான் உங்கள் அட்டையில் உள்ளே தெரிகிறது. எழுத்தை வடிவமாக மாற்றி, வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம்: கத்தி அந்த உட்கோடுகளிலும் ஓடி எழுத்தைத் துண்டாக்கும். இணையதளத்தில் `-webkit-text-stroke` கொடுத்தாலும் இதே கோடுகள் வரும்.

ஸ்டாட்டிக் கோப்பை வெளியிடும்போது இந்தத் துண்டுகளை ஒட்டிவிடுவது வழக்கம். ஆகவே அட்டைக்கு ஸ்டாட்டிக் போல்டைப் போட்டாலே பிரச்சினை தீரும். வேரியபிளிலிருந்து நீங்களே எடுப்பதானால்:

```
fonttools varLib.instancer MyFont-VF.ttf wdth=100 wght=700 --remove-overlaps --update-name-table -o MyFont-Bold.ttf
```

அச்சுக்கு ஸ்டாட்டிக் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அட்டை மட்டும் காரணமில்லை. வேரியபிள் வடிவத்தை அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து 2016-இல் ஓப்பன்டைப் 1.8 பதிப்போடு அறிவித்தன. பிடிஎஃப்புக்குள் அப்படி நகரும் எழுத்துருவை வைக்க வழியில்லை. நீங்கள் பிடிஎஃப் எடுக்கும்போது உங்கள் மென்பொருள் ஒவ்வொரு தடிமனையும் உறையவைத்துத்தான் உள்ளே போடுகிறது. அதாவது கடைசியில் அச்சகத்துக்குப் போவது எப்படியும் ஸ்டாட்டிக்தான். அந்த உறையவைக்கும் வேலையை மென்பொருளின் போக்கில் விடாமல், நீங்களே செய்து, கண்ணால் பார்த்துச் சரி என்று தெரிந்த கோப்பைக் கொடுப்பது நல்லது. இன்டிசைன் போன்றவை இதை ஒழுங்காகவே செய்கின்றன. எல்லா மென்பொருளையும் அப்படி நம்ப முடியாது.

என் அனுபவத்தில் ஒரு முறை பிடிஎஃப்புக்குப் பதிலாக மூலக் கோப்பையே, வேரியபிள் எழுத்துருவோடு சேர்த்து, ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த பழைய மென்பொருளுக்கு ஆக்ஸிஸ் என்றாலே தெரியாது. இயல்புநிலையை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த எழுத்துருவின் இயல்புநிலை 100. படக்குறிப்புகள், துணைத்தலைப்புகள் எல்லாம் நூல்போல மெலிந்து அச்சாகி வந்தன. அதற்குப் பிறகு எந்த அச்சு வேலையிலும் வேரியபிள் கோப்பை என் கணினியைவிட்டு வெளியே அனுப்பியதில்லை.

அச்சு வேலையில் வேரியபிளுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. தடிமனைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. உறிஞ்சும் தாளில் மை பரவி எழுத்து தடிக்கும். கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து என்றால் சுற்றியுள்ள மை உள்ளே பரவி எழுத்து மெலியும். ஒரே பத்தியை 380, 400, 420 என்று மூன்று தடிமனிலும், வெள்ளை எழுத்துப் பத்தியை 400, 430, 460 என்றும் போட்டு, இதழ் அச்சாகும் அதே தாளில் ஒரு பக்கம் சோதனை அச்செடுத்துப் பாருங்கள். எது சரியாக விழுகிறதோ அந்த எண்ணில் உறையவைத்துவிடலாம்.

அப்படி 420 போன்ற இடைப்பட்ட எண்ணில் உறையவைக்கும்போது மேலே உள்ள கட்டளை பிழை சொல்லி நிற்கும். `--update-name-table` என்பது கோப்பிலேயே பதிவான பெயர்களிலிருந்துதான் புதுப் பெயரை எடுக்கிறது. 700-க்கு 'போல்ட்' என்று பெயர் இருக்கிறது, 420-க்குப் பெயர் கிடையாது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஓட்டினால் கோப்பு வரும், ஆனால் பழைய பெயரிலேயே வரும். அப்புறம் அதை ஓர் எழுத்துருத் திருத்தியில் திறந்து குடும்பப் பெயரையும், முழுப் பெயரையும், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரையும் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் நிறுவினால் ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக்கள் கணினியில் இருக்கும். எதை எடுக்கும் என்று மென்பொருளுக்கே நிச்சயமில்லை. இன்று சரியாக இருந்த பக்கம் நாளை திறக்கும்போது வேறு தடிமனில் வரி மடங்கி நிற்கும். இதே காரணத்துக்காக, அச்சு வேலை செய்யும் கணினியில் ஒரு குடும்பத்தின் வேரியபிளையும் ஸ்டாட்டிக்கையும் ஒன்றாக நிறுவி வைக்காதீர்கள்.

பெயர் மாற்றுவதில் உரிமமும் இருக்கிறது. உங்கள் எழுத்துரு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தது என்றால், உரிமக் கோப்பின் தலைப்பில் 'Reserved Font Name' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், மாற்றிய கோப்பை அந்தப் பெயரில் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. இணையதளத்துக்காக வெட்டிய கோப்புக்கும் இது பொருந்தும். விலைக்கு வாங்கிய எழுத்துரு என்றால், வெட்டவும் உறையவைக்கவும் அனுமதி உண்டா என்று உரிமத்தைப் படித்துவிட்டுத் தொடுங்கள். சிலர் அனுமதிப்பதில்லை, கேட்டால் அவர்களே ஸ்டாட்டிக் கோப்புகளைத் தந்துவிடுவதும் உண்டு.

கடைசியாக, பிடிஎஃப்பை அச்சகத்துக்கு அனுப்பும் முன் அதன் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். `pdffonts` கட்டளையும் அதையே காட்டும். நீங்கள் உறையவைத்த பெயர்கள் மட்டுமே அதில் இருக்க வேண்டும், எல்லாம் உள்ளே பொதிந்திருக்க வேண்டும். எங்காவது `Type 3` என்று வந்தால், ஏதோ ஒரு பக்கத்தில் வேரியபிள் கோப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். சில மென்பொருள்கள் அதை உறையவைக்கத் தெரியாமல் அப்படித்தான் உள்ளே போடுகின்றன.